துபாயிலிருந்து திரும்பிவிட்டேன், என்ஆர்இ வட்டிக்கு இன்னும் வரி இல்லையா?

தென்காசி சரவணன் (ஜூலை 6, 2025)

வணக்கம். 11 வருடம் துபாயில் இருந்துவிட்டு 2024 அக்டோபர் 10ஆம் தேதி நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டேன். நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பராமரிப்புப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன், மாதம் 1,20,000 சம்பளம். மார்ச் வரை சம்பளத்தில் வரி எதுவும் பிடிக்கவில்லை.

என்னிடம் இருப்பது இரண்டு கணக்கு. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கான என்ஆர்இ-யில் 30 லட்சம் எஃப்டி, 7 சதவீதம், 2027இல் முதிர்கிறது. இந்தியாவில் வரும் பணத்துக்கான என்ஆர்ஓ சேமிப்புக் கணக்கில் சுமார் 6 லட்சம், அதற்கு வருடத்துக்கு 18,000 வட்டி வந்தது, அதில் 5,616 ரூபாயை டிடிஎஸ் என்று வங்கி எடுத்துவிட்டது. என் தம்பிக்கு அதே கிளையில் அதே 3 சதவீத சாதாரண சேமிப்புக் கணக்கு இருக்கிறது, அவனுக்கு ஒரு பைசா பிடிக்கவில்லை. இது ஏன் என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இந்த வருடம் ரிட்டர்ன் போட வேண்டும். என்ஆர்இ எஃப்டி வட்டி 2,10,000 முழுக்க வரி இல்லாததுதானே? வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழில் டிடிஎஸ் பூஜ்யம் என்றுதான் இருக்கிறது.

ஷார்ஜா ராஜா

சரவணன் அண்ணா, கவலையே வேண்டாம். நாட்களை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை 173 நாள்தான், 182ஐத் தொடவில்லை. அதனால் 2024-25க்கு நீங்கள் என்ஆர்ஐதான். என்ஆர்ஐ என்றால் என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை. என் நண்பர் இப்படித்தான் போட்டார், ஒன்றும் வரவில்லை.

குமார் திருச்சி

எனக்கும் இதே பிரச்சினை. ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாடகை வருகிறது, அதை என்ஆர்இ கணக்கில் போட வங்கி மறுக்கிறது. இதற்கு என்ன வழி?

மீனாட்சி டி

குமார், அது வேறு கேள்வி. இந்தியாவில் வரும் வாடகையை, வரி கட்டியதைக் காட்டாமல் நேராக என்ஆர்இ-யில் போட முடியாது, வழக்கமாக என்ஆர்ஓ-வில்தான் விழும். அங்கிருந்து வரி கட்டியதற்கான படிவத்தோடு மாற்றலாம். தனி இழை போடுங்கள், அங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சரவணன் தம்பி, நான் ஒரு வங்கியின் என்ஆர்ஐ பிரிவில் 19 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். ராஜா நாள் எண்ணியது சரி, ஆனால் அதை வைத்து வந்த முடிவு தவறு. உங்களைப் போலத் திரும்பி வந்த எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் 'வெளிநாட்டுவாசி' என்பதற்கு இரண்டு அளவுகோல் இருக்கிறது. ஒன்று வருமான வரிச் சட்டத்தின் நாள் கணக்கு. இன்னொன்று அந்நியச் செலாவணிச் சட்டம், அதாவது ஃபெமா. அதில் நீங்கள் எதற்காக வந்தீர்கள், திரும்பிப் போகப் போகிறீர்களா என்பதையும் பார்ப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு விலக்கு கொடுப்பது வருமான வரிச் சட்டத்தின் 10(4)(ii) பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு யாருக்கு விலக்கு என்று சொல்லும்போது, தன்னுடைய நாள் கணக்கைக் கையில் எடுக்கவே இல்லை. ஃபெமாவின்படி இந்தியாவுக்கு வெளியே வசிப்பவருக்கு என்று சொல்லிவிடுகிறது. 

அதனால் வேலைக்காக, இனி இங்கேதான் என்று வந்து இறங்கிய அக்டோபர் 10ஆம் தேதி முதல் உங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் முழுக்க நீங்கள் என்ஆர்ஐயாகவே இருந்தாலும் சரி.

ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முந்தைய நான்கு நிதியாண்டுகளில் மொத்தம் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள்? விடுமுறைக்கு வந்துபோகிறவருக்குத்தான் 182 நாள் சலுகை. நிரந்தரமாகத் திரும்புகிறவர் அந்த வருடம் 60 நாள் இருந்து, முந்தைய நான்கு வருடத்தில் 365 நாளும் இருந்திருந்தால் ரெசிடென்ட் ஆகிவிடுவார்.

தென்காசி சரவணன்

மேடம், பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரைகளைப் பார்த்து எண்ணினேன். 128, 41, 38, 44, மொத்தம் 251 நாள். அந்த 128 கொரோனா சமயத்தில் விமானம் கிடைக்காமல் மாட்டிக்கொண்டது.

அப்படியென்றால் நான் ஒரு சட்டத்தில் என்ஆர்ஐ, இன்னொரு சட்டத்தில் ரெசிடென்டா? வங்கி டிடிஎஸ் பிடிக்கவில்லையே, அவர்களுக்குத் தெரியாதா?

மீனாட்சி டி

ஆமாம், ஒரே வருடத்தில் இரண்டுமாக இருக்கிறீர்கள். 251 என்பது 365க்குக் குறைவு, அதனால் 2024-25க்கு வருமான வரியில் நீங்கள் என்ஆர்ஐ. துபாயில் வாங்கிய ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான சம்பளத்தை இங்கே காட்ட வேண்டியதில்லை, அது உங்களுக்கு நல்லது.

வங்கிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் போய்ச் சொன்னால்தான் தெரியும். அவர்களுடைய சிஸ்டத்தில் அந்த எஃப்டி இன்னமும் என்ஆர்இ. என்ஆர்இ என்றால் டிடிஎஸ் பூஜ்யம் என்று மென்பொருள் தானாகவே போட்டுவிடும். டிடிஎஸ் பிடிக்காததும் வரி இல்லாததும் ஒன்றல்ல. உங்கள் தம்பி விஷயமும் இதேதான். ரெசிடென்ட் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிப்பதே இல்லை, ஆனால் அவர் அதைத் தன் வருமானத்தோடு சேர்த்துக் காட்டித்தான் ஆக வேண்டும். என்ஆர்ஓ-வில் 195ஆம் பிரிவு வருகிறது. அதில் இவ்வளவு வரை பிடிக்க வேண்டாம் என்ற வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. 18,000க்கு 5,616 சரியாக வருகிறது பாருங்கள்.

வங்கி உங்களை எந்தக் கட்டத்தில் வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, வங்கிப் பெயருக்கு நேரே எந்தப் பிரிவு என்று பாருங்கள். 195 என்றிருந்தால் வெளிநாட்டுவாசி. ரெசிடென்டின் எஃப்டி வட்டியில் பிடித்திருந்தால் 194ஏ என்று இருக்கும்.

தென்காசி சரவணன்

195 என்றுதான் இருக்கிறது. மார்ச் 31 வரை.

எடிசன் வாசி

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்று ஊரில் எல்லாரும் சொல்லும்போது அதில் 'இந்தியாவில்' என்ற சொல் விட்டுப்போகிறது. இங்கே வசிப்பவர்கள் உலகம் முழுவதிலும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும். நான் ஐந்து வருடம் காட்டாமல் இருந்தேன், பிறகு வக்கீல் வைத்துச் சரிசெய்தேன், மிகவும் மன உளைச்சல். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்கும் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையும் தனியாகப் போட வேண்டும். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். துபாய்க்காரர்களுக்கு அங்கே தனிநபர் வருமான வரி இல்லாததால் இந்தச் சிக்கல் வராது.

ஆடிட்டர் ஆபீஸ் அருண்

மீனாட்சி மேடம் சொன்னதில் ஒரு இடம் எனக்கு உறுத்துகிறது. ஃபெமா சட்டத்தின் 2(v) பிரிவை அப்படியே படித்தால், இந்தியாவில் வசிப்பவர் என்றால் முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்தவர் என்றுதான் தொடங்குகிறது. வேலைக்காக வந்தாரா, நிரந்தரமாக வந்தாரா என்பதெல்லாம் அதற்குக் கீழே விதிவிலக்காக வருகிறது. சரவணன் சாருடைய முந்தைய நிதியாண்டு 2023-24. அதில் அவர் இங்கே இருந்தது 44 நாளோ என்னவோ. முதல் வாசலையே தாண்டாதவருக்கு விதிவிலக்கு எப்படிப் பொருந்தும்? அப்படிப் படித்தால் 2025 மார்ச் 31 வரை அவர் ஃபெமாவிலும் வெளிநாட்டுவாசிதான், முழு வட்டிக்கும் விலக்கு உண்டு.

மீனாட்சி டி

அருண், நீங்கள் சொல்லும் வாசிப்பு புதிதல்ல, நல்ல ஆடிட்டர்கள் சிலரும் அப்படி வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். எழுத்தை மட்டும் பார்த்தால் அதற்கு இடம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிகள் அந்த வழியில் போகவில்லை. வேலைக்காகவோ காலவரையறை இல்லாமலோ தங்க வந்துவிட்டால் என்ஆர்இ கணக்கை உடனே ரெசிடென்ட் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது பணத்தை, திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டு நாணயத்தில் வைத்திருக்கும் ஆர்எஃப்சி கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்கின்றன. ஒருவர் அடுத்த ஏப்ரல் வரை வெளிநாட்டுவாசியாகவே இருப்பார் என்றால் உடனே மாற்றச் சொல்வதற்கு என்ன பொருள்?

நான் வேலை பார்த்த காலம் முழுக்க, வந்த தேதியைத்தான் எழுதி வாங்கினோம்.

ஆடிட்டர் ஆபீஸ் அருண்

வங்கி நடைமுறை வேறு, சட்டத்தின் வாசகம் வேறு என்பதே என் கருத்து. பெரிய தொகை என்றால் நான் எழுத்துப்பூர்வமாக ஒரு கருத்து வாங்கிக்கொண்டு விலக்கு கேட்பேன். சிறிய தொகைக்கு அந்த வம்பு தேவையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாபநாசம் பையன்

இதைப் படித்ததும் என் அக்கா கணக்கு நினைவுக்கு வந்தது. அவள் நர்ஸ், 2025 ஜனவரி 5ஆம் தேதி ரியாத் போனாள். பிப்ரவரியில் என்ஆர்இ கணக்கு திறந்து பணம் அனுப்பத் தொடங்கினாள். ஏப்ரல் முதல் ஜனவரி வரை இங்கேதான் இருந்தாள், அதனால் 2024-25க்கு அவள் ரெசிடென்ட், என்ஆர்இ வட்டிக்கு வரி கட்டியாக வேண்டும் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேனா?

மீனாட்சி டி

தப்புத்தான், தம்பி, ஆனால் சரவணன் கணக்குக்கு நேர் எதிர்ப்பக்கம். வெளிநாட்டு வேலைக்கு என்று கிளம்பிய நாளிலிருந்து ஃபெமாவில் அவர் வெளிநாட்டுவாசி. வருமான வரியில் அந்த வருடம் ரெசிடென்ட் என்றாலும், என்ஆர்இ வட்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் ரெசிடென்ட் என்பதால் ரியாத் சம்பளத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ளதை இங்கே காட்ட வேண்டியிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

அவருடைய பழைய சாதாரண சேமிப்புக் கணக்கு என்ன ஆயிற்று?

பாபநாசம் பையன்

அது அப்படியே இருக்கிறது அக்கா. ஏடிஎம் கார்டு அம்மாவிடம் இருக்கிறது, மாதாமாதம் எடுத்துக்கொள்வார்.

மீனாட்சி டி

அதை என்ஆர்ஓ-வாக மாற்றச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் சாதாரண ரெசிடென்ட் கணக்கைத் தொடர்வது ஃபெமாவுக்கு எதிரானது. மாற்றினால் வட்டியில் 31.2 பிடிப்பார்கள் என்று பலர் பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் இங்கே வேறு வருமானம் இல்லாதவருக்குப் பிடித்ததெல்லாம் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். வரி விலக்கு வரம்பு வெளிநாட்டுவாசிக்கும் உண்டு. 15ஜி கொடுத்து முன்கூட்டியே நிறுத்த முடியாது என்பதுதான் வித்தியாசம், அந்தப் படிவம் ரெசிடென்டுக்கு மட்டும். அம்மா பணம் எடுக்க, அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம்.

ஷார்ஜா ராஜா

மேடம், இதுவரை 182 நாள் என்ற ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இரண்டு சட்டம் என்று யாரும் சொன்னதில்லை. என் நண்பருக்கு நோட்டீஸ் வரவில்லை என்பதால் அது சரி என்று நினைத்துவிட்டேன். அவரிடமும் பேசுகிறேன்.

ஆனால் சரவணன் அண்ணாவுக்கு ஏப்ரலுக்குப் பிறகு ரெசிடென்ட் ஆனாலும் சாதாரண ரெசிடென்ட் ஆகாத ஆர்என்ஓஆர் நிலை வருமே, அதில் இரண்டு மூன்று வருடம் என்ஆர்இ வட்டிக்கு விலக்கு இல்லையா?

மீனாட்சி டி

ஆர்என்ஓஆர் ஆவார், உண்மை. ஆனால் அந்த நிலையில் விலக்கு கிடைப்பது எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டுக்கும் ஆர்எஃப்சி-க்கும், அதாவது வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும் பணத்துக்கு. அந்த விலக்குப் பிரிவு வேறு, அது வருமான வரியின் நாள் கணக்கைத்தான் பார்க்கிறது. என்ஆர்இ ரூபாய்க் கணக்கு, அதற்கு இது பொருந்தாது. ஊருக்குத் திரும்பும் முன் இதைத் தெரிந்துகொண்டவர்கள் ஒரு பகுதியை எஃப்சிஎன்ஆர்-இல் போட்டுவிட்டு வருவார்கள், முதிர்வு வரை அதை அப்படியே வைத்திருக்கலாம்.

தென்காசி சரவணன் (ஜூலை 8)

நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். கூட்டு வட்டியை விட்டுவிட்டு நாள் வட்டியாகவே எடுத்தேன். வருடத்துக்கு 2,10,000 என்றால் ஒரு நாளுக்கு 575 ரூபாய் சொச்சம். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 9 வரை 192 நாள், 1,10,466 ரூபாய், இதற்கு விலக்கு. அக்டோபர் 10 முதல் 173 நாள், 99,534 ரூபாய், இதற்கு வரி.

சம்பளம் ஐந்து மாதம் 6,00,000, நிலையான கழிவு 75,000 போக 5,25,000. என்ஆர்ஓ வட்டி 18,000. எல்லாம் சேர்த்து 6,42,534. புது முறையில் 7 லட்சத்துக்குள் வரி இல்லை என்பதால் கடைசியில் பூஜ்யம்தானே? என்ஆர்ஓ டிடிஎஸ்ஸும் திரும்ப வரும்தானே?

ஆடிட்டர் ஆபீஸ் அருண்

இல்லை சார், இங்கேதான் இன்னொரு பள்ளம். 7 லட்சம் வரை வரி இல்லை என்பது 87ஏ தள்ளுபடி, அது ரெசிடென்டுக்கு மட்டும். நீங்கள் 2024-25க்கு வருமான வரியில் என்ஆர்ஐ. உங்களுக்கு 3 லட்சம் அடிப்படை வரம்பு மட்டும்தான். மீதி 3,42,534க்கு 5 சதவீதம் 17,127, செஸ் சேர்த்து 17,812. மில்லில் உங்களை ரெசிடென்டாக நினைத்து, 5,25,000க்குத் தள்ளுபடி போட்டு வரி பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். என்ஆர்ஓ-வில் பிடித்த 5,616ஐக் கழித்தால் இன்னும் 12,196 கட்ட வேண்டும். மீதி 10,000ஐத் தாண்டுவதால் முன்வரி கட்டாததற்கான வட்டியும் சேரும், மாதத்துக்கு 1 சதவீதம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் என்ஆர்இ வட்டியால் வந்த வரி 5,176 மட்டும். நான் முன்னால் சொன்ன வாதத்தை எடுத்தால் மிச்சமாவது அவ்வளவுதான். உங்கள் இடத்தில் இருந்தால் நான் கட்டிவிடுவேன்.

படிவம் ஐடிஆர்-2, ஐடிஆர்-1 வெளிநாட்டுவாசிக்குக் கிடையாது. விலக்கு உள்ள 1,10,466ஐயும் விலக்கு வருமான அட்டவணையில் காட்டிவிடுங்கள். கடைசி நாள் இந்த வருடம் செப்டம்பர் 15.

தென்காசி சரவணன்

தலை சுற்றுகிறது. என்ஆர்ஐ என்றால் நல்லது என்று நினைத்தேன், தள்ளுபடி போய்விட்டதே.

மீனாட்சி டி

அருண் போட்ட கணக்கு சரி. ஆனால் சரவணன், நீங்கள் இதைவிடக் கவலைப்பட வேண்டியது நடப்பு வருடத்தைப் பற்றி. 2025-26இல் முழு வருடச் சம்பளம் 14,40,000, கழிவு போக 13,65,000. அதன் மேல் இந்த 2,10,000 முழுக்க உட்காருகிறது. 12 முதல் 16 லட்சம் வரையிலான 15 சதவீதத் தட்டில் விழுந்து, செஸ் சேர்த்து 32,760 வரி. கணக்கு என்ஆர்இ என்றே கிடந்தால் வங்கி ஒன்றும் பிடிக்காது, அத்தனையையும் நீங்களே முன்வரியாகக் கட்ட வேண்டும். ரெசிடென்ட் என்று மாற்றிவிட்டால் வட்டி 50,000ஐத் தாண்டுவதால் 10 சதவீதம் அவர்களே பிடிப்பார்கள், மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எஃப்டியை உடைக்க வேண்டாம். பெயர் மட்டும் ரெசிடென்ட் டெபாசிட் ஆகும், ஒப்பந்த வட்டி 7 சதவீதம் முதிர்வு வரை ஓடும். ஒரு கடிதம், பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை விழுந்த பக்கத்தின் நகல், மில் கொடுத்த வேலை நியமனக் கடிதம், இவை போதும். போகும்போது வட்டி அறிக்கையை அக்டோபர் 9 வரை, 10 முதல் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முழு வருடத்துக்கு ஒரே தொகை போட்ட சான்றிதழை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

தென்காசி சரவணன் (ஜூலை 14)

இன்று அரை நாள் விடுப்பு போட்டு வங்கிக்குப் போனேன். முதலில் இருந்தவருக்குப் புரியவில்லை, 'வட்டி குறைந்துவிடும், அப்படியே விடுங்கள் சார்' என்றார். மேலாளரிடம் கடிதத்தைக் காட்டியபிறகு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் சிஸ்டத்தில் மாற்றத் தேதி ஜூலை 14 என்றுதான் விழுந்தது. பின்தேதி போட முடியாது என்கிறார்கள். அக்டோபர் 10 என்பது என் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. இதனால் இடையிலுள்ள ஒன்பது மாத வட்டிக்கு விலக்கு என்று ஆகிவிடுமா?

மீனாட்சி டி

ஆகாது. வங்கி எப்போது பெயர் மாற்றியது என்பதை வைத்து உங்கள் நிலை மாறுவதில்லை, நீங்கள் வந்த தேதிதான் கணக்கு. அந்தக் கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கினீர்களா?

ஆடிட்டர் ஆபீஸ் அருண்

இதிலும் மேடமோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை, 2025 மார்ச் வரையிலான பகுதிக்கு என் வாசிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஏப்ரல் முதல் என்ன என்பதைத் தனியாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். அந்த நகல் விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தென்காசி சரவணன்

நகல் வாங்கவில்லை மேடம். கிளை நாளை காலை 10 மணிக்குத் திறக்கும், வேலைக்குப் போகும் வழியில் வாங்கிவிடுகிறேன்.